மாமனார் காய்ச்சிய தைலமும் ஏழு மாதக் குழந்தையும்

கேள்வி: டாக்டர், நாங்கள் கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். என் பையனுக்கு 7 மாதம். நாலு நாளாகச் சளி, மூக்கடைப்பு, இருமல். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மட்டும் போதும், தைலம் எதுவும் தடவாதீர்கள் என்றார். என் மாமனார் 40 வருஷம் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சியவர். அவர் காய்ச்சிய பாட்டில் இன்னும் வீட்டில் இருக்கிறது. முந்தாநாள் இரவு நான் அசந்த நேரத்தில் நெஞ்சில் தடவி, துணியில் நனைத்து மூக்குக்குப் பக்கத்தில் காட்டினார். பையன் முகம் சிவந்து, கொஞ்ச நேரம் மூச்சே இழுக்கவில்லை, அப்புறம் வீறிட்டு அழுதான். நான் பிடுங்கி எடுத்துக்கொண்டேன். "நாலு பிள்ளைகளை இதுலதான் வளர்த்தேன், எனக்குத் தெரியாதா" என்று மாமா சாப்பிடாமல் படுத்துவிட்டார். இப்போது, ஒரு சொட்டைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் போதும் என்கிறார். என் கணவர் அப்பா மனசு நோகும் என்று வாயே திறப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் தடவ விட்டுவிடட்டுமா? எப்படி மறுப்பது?

பதில்:

உள்ளங்காலும் வேண்டாம். நீங்கள் அதை ஒரு சமாதான வழியாக யோசித்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஏழு மாதக் குழந்தையின் கால் எங்கே போகிறது என்று ஒரு அரை மணி நேரம் பாருங்கள். மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் காலைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்புகிற வயசு இது. காலில் தடவியது சீக்கிரமே நாக்குக்குப் போய்விடும். மேலே சாக்ஸ் போட்டால் சாக்ஸையும் சப்புவான்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதற்கான காரணத்தை உங்கள் மாமனாரின் தொழில் கணக்கிலிருந்தே சொல்ல முடியும் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

நூறு கிலோ இலையை அடுப்பில் ஏற்றினால் எவ்வளவு தைலம் இறங்கும் என்று அவரிடம் கேளுங்கள். இலையையும் பருவத்தையும் பொறுத்துக் கூடக்குறைய இருக்கும், ஆனால் ஒரு கிலோவை ஒட்டித்தான் சொல்வார். அப்படியென்றால் ஒரு டீஸ்பூன் தைலம், அதாவது 5 மில்லி, கிட்டத்தட்ட அரை கிலோ இலையின் சாரம். வெந்நீரில் நாலு யூகலிப்டஸ் இலையைப் போட்டுக் குளிப்பாட்டிய பழக்கமும், பாட்டிலைச் சாய்த்து விரலில் எடுக்கிற பழக்கமும் ஒன்றல்ல. இலையைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவருக்கு இந்த வித்தியாசத்தை நம்மை விட நன்றாகத் தெரியும். அதைக் குழந்தையின் எடையோடு சேர்த்து யோசித்துப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

தைலத்தில் பெரும்பகுதி சினியோல் என்கிற பொருள். அந்த நெடி முக்கியமாக அதிலிருந்து வருவதுதான். அது வயிற்றிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வேகமாக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். பெரியவர்களுக்கு முட்டியில் தேய்த்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குழந்தைகள் விழுங்கினால் முதலில் வாய் எரிச்சல், வாந்தி, அப்புறம் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு என்று போகலாம். இரண்டு மூன்று மில்லியிலேயே சில குழந்தைகள் மயங்கியிருக்கிறார்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலையைத் தொடங்குவோம். விழுங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில், இந்த மரத்தின் சொந்த ஊரிலேயே, அரிப்புக்காக யூகலிப்டஸ் தைலம் கலந்த வீட்டு மருந்தை உடம்பில் பரவலாகப் பூசிய 6 வயதுச் சிறுமி, பேச்சுக் குழறி, தள்ளாடி, நினைவிழந்து போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மருந்தைத் துடைத்தெடுத்த பிறகு தேறிவிட்டாள். தைலத்தைத் தடவியதாலும் முகர்ந்ததாலும் வலிப்பு வந்தவர்களைப் பற்றி நம் பக்கத்து பெங்களூர் நரம்பியல் மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

முந்தாநாள் இரவு நடந்ததற்கு வருகிறேன். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அந்த மூக்கில் காரமான நெடி ஏறினால், தொண்டையில் காற்று போகும் வாசல் அனிச்சையாக இறுகி, சில நொடிகள் மூச்சு நின்றுபோவது உண்டு. நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். உடனே எடுத்துக்கொண்டது சரி. அதற்காக மனசை உறுத்திக்கொள்ள வேண்டாம். இதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். மறைக்காதீர்கள், அவர் யாரையும் திட்ட மாட்டார்.

மாமாவின் அனுபவத்தையும் பொய் என்று நான் சொல்லவில்லை. தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், எனக்கும் இருக்கும். ஆனால் மூக்கு உண்மையில் திறப்பதில்லை. காற்றோட்டத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள், அடைப்பு அப்படியே இருந்தது. மூக்குக்குள் குளிர்ச்சியை உணரும் நரம்பை அந்த நெடி தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவது போலத் தோன்றுகிறது. பெரியவருக்கு அந்த உணர்ச்சியே ஆறுதல். குழந்தைக்கோ எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். சாதாரண சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகக் குறையும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். நாலு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் குறைந்திருக்கும். ஐந்தாம் நாள் தைலம் தடவி எட்டாம் நாள் சரியானால், எந்த அப்பாவும் தைலத்தைத்தான் நினைத்துக்கொள்வார்.

"ஒரு சொட்டில் என்ன ஆகிவிடும்" என்று அவர் கேட்டால், ஒரு சொட்டில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம் என்பதை நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் இருமுகிற குழந்தையின் நாக்கில் வைத்த எண்ணெய் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால், நுரையீரலைப் புண்ணாக்க ஒரு பாட்டில் தேவையில்லை. சொட்டு சொட்டாகவே நிற்பதும் இல்லை. தேனும் கூடாது. ஒரு வயது முடியும் முன் தேனை நாக்கில் வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, முதிராத குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் விஷத்தை உண்டாக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மூச்சு விடும் தசையும் ஓய்ந்துபோகும்.

சொட்டு எப்படிப் பெருகும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷம் முன்னால், மலையில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். ஒன்றே கால் வயதுப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். வீட்டில் தைலத்தைத் தீர்ந்துபோன இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். பகலில் தாத்தா அதில் ஒரு சொட்டைச் சர்க்கரையில் கொடுத்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் பாட்டில் கட்டில் பக்கத்திலேயே நின்றது. இரவு மின்சாரம் இல்லாத நேரத்தில், இருமுகிறாளே என்று பாட்டி எழுந்து, இருமல் மருந்து என்று நினைத்து அதிலிருந்து அரை டீஸ்பூனுக்கு மேல் ஊட்டிவிட்டார். வாந்தி வந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்து இன்னும் வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். இருபது நிமிஷத்தில் தலை தொங்கிவிட்டது. எங்களிடம் வரும் வழியில், கொண்டை ஊசி வளைவில், ஜீப்பிலேயே வலிப்பு. உள்ளே தூக்கி வந்ததும் அறை முழுக்கத் தைல வாசனை. அவள் மூச்சிலிருந்து வந்தது.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. வலிப்பை நிறுத்த ஊசி போட்டோம், ஆக்சிஜன் வைத்தோம், மூச்சைப் பார்த்துக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் கண் விழித்தாள். வாந்தி எடுக்க வைத்ததில் கொஞ்சம் தைலம் நுரையீரலுக்குள் போயிருந்ததால், காய்ச்சலும் இளைப்புமாக ஆறு நாள் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அந்தப் பாட்டி ஆறு நாளும் வராந்தாவை விட்டு நகரவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவராகவே சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். உங்கள் மாமனாருக்கு அப்படி ஒரு இரவு வர வேண்டாம் என்றுதான் எனக்கு இவ்வளவு அக்கறை. குழந்தையை மட்டுமல்ல, அவரையும் காப்பாற்றுகிற விஷயம் இது.

சரி, எப்படி மறுப்பது.

இருமல் கேட்கிற நடுராத்திரியில் பேசாதீர்கள். அப்போது எல்லோருக்கும் பயம், பயத்தில் யார் சொன்னாலும் குத்தலாகப் படும். பகலில், அவர் டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது பேச வேண்டும். பேச வேண்டியது முதலில் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். மகன் சொன்னால் அது வீட்டுப் பேச்சு. நீங்கள் மட்டும் சொன்னால், மருமகள் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அவர் வாய் திறக்காததால்தான் நீங்கள் குழந்தையைப் பிடுங்க வேண்டி வந்தது. இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தாலும் சரி.

சொல்லும் வார்த்தை இப்படி இருக்கலாம்: "அப்பா, தைலம் கெட்டதுன்னு டாக்டர் சொல்லல. ரொம்ப வீரியமானதுன்னுதான் சொல்றாங்க. நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோன்னு நீங்கதான சொல்லுவீங்க. இவனே ஏழு எட்டு கிலோதான். ரெண்டு வயசு வரைக்கும் இவன் மேல தைலம் பட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்." கடைசி வாக்கியம் முக்கியம். "டாக்டர் வேண்டாம்னு சொல்றாங்க, என்ன பண்றது" என்று இழுத்தால், டாக்டருக்குத் தெரியாது என்று பேச்சு வளரும். முடிவு எடுத்தது அப்பாவும் அம்மாவும் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தே இருக்கட்டும். நீங்களும் பக்கத்தில் இருந்து, "அன்னிக்கு ராத்திரி பயத்துல புடுங்கிட்டேன் மாமா, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பிடுங்கிய விதத்துக்குத்தான் வருத்தம் சொல்கிறீர்கள், தடுத்ததற்கு அல்ல.

இரண்டு வயசு என்று நான் சொல்வதற்குக் காரணம், கடையில் விற்கும் நெஞ்சுத் தைல டப்பாக்களிலேயே இரண்டு வயதுக்குக் கீழ் உபயோகிக்காதீர்கள் என்று போட்டிருக்கும் என்பதுதான். அவரிடம் ஒரு டப்பாவைக் காட்டுங்கள். அதற்கு மேலும் மூக்கிலும் வாயிலும் எந்த வயதிலும் கூடாது. வலிப்பு வந்த குழந்தை என்றால் தடவவே வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "தடவிட்டேன் மாமா" என்று பொய் சொல்லிச் சமாளிக்காதீர்கள். நிறையப் பெண்கள் இப்படித்தான் அன்றைய சண்டையைத் தள்ளிப் போடுகிறார்கள், எனக்குத் தெரியும். நாலு நாளில் சளி தானாகக் குறையும், தைலத்துக்குப் பேர் கிடைக்கும், அடுத்த முறை நீங்கள் இல்லாத நேரத்தில் அவரே தடவுவார். அப்போது தடுக்க உங்களிடம் வார்த்தை இருக்காது.

அவருடைய கைக்கு வேலை வேண்டும். பேரன் மூச்சுக்குத் திணறும்போது சும்மா பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னால் எந்தத் தாத்தாவாலும் முடியாது. வெறும் தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலும் முதுகிலும் தடவிக் கொடுக்கட்டும். கற்பூரம் போட்டுக் காய்ச்ச வேண்டாம், கற்பூரமும் வலிப்பை வரவழைக்கும். எண்ணெய் சளியைக் கரைக்காது, ஆனால் குழந்தைக்குச் சுகமாக இருக்கும், தாத்தா கை என்று தெரியும். மூக்கில் மட்டும் எந்த எண்ணெயையும் விட வேண்டாம்.

மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதும் என்று டாக்டர் சொன்னது, ஒன்றும் செய்யாதே என்பதற்காக அல்ல. அதைச் சரியாகப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், குழந்தையை மடியில் சாய்த்து, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் பொறுங்கள். காய்ந்த சளி இளகி, தும்மலில் பாதி வெளியே வந்துவிடும். மீதியை மெல்லிய துணியால் துடையுங்கள். மூக்கு திறந்ததும் மார்புக் காம்பைப் பிடித்துச் சப்ப முடியும். பாலுக்குப் பிறகு போட்டால் வாந்தி எடுப்பான். தூங்குவதற்கு முன்னும் ஒருமுறை போடுங்கள். இந்த வயதில் பால்தான் தண்ணீரும் மருந்தும். ஒரேயடியாகக் குடிக்க முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். கஞ்சியோ மசித்த சாதமோ ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நிறுத்த வேண்டாம். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைப் பிடிக்காதீர்கள், வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரிக் குளிருக்கு அறைக்குள் கரிச்சட்டி வைப்பது உங்கள் வீட்டில் உண்டா? இருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் புகை இருமலை நீட்டிக்கும். கதவைச் சாத்திய அறையில் கனலும் கரி, புகையே தெரியாமல் ஆளைக் கொல்லும் வாயுவையும் விடும். தொப்பி, ஸ்வெட்டர், உங்கள் உடம்புச் சூடு இவை போதும்.

மாமாவுக்கு நான் தரும் பெரிய வேலை வேறு. அவரிடம் நொடி முள் உள்ள கைக்கடிகாரம் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பையன் அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக அல்லது தூங்கும்போது, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணட்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு. சளி நெஞ்சுக்கு இறங்கியிருக்கலாம் என்று அர்த்தம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால் இன்னும் தீவிரம். காலையிலும் இரவு படுக்கும் முன்னும் எண்ணி, காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எழுதட்டும். அடுப்பில் தைலம் இறங்குவதைச் சொட்டுச் சொட்டாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் அவர், இதற்கு வேண்டிய பொறுமை உங்கள் கணவரை விட அவரிடம் அதிகம் இருக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தக் காலண்டர் தாளும் வரட்டும். தைலத்தைப் பற்றி அவரே நேரில் கேட்கட்டும். ஒரு நல்ல டாக்டர் அவருக்கு உட்கார நாற்காலி போட்டுப் பதில் சொல்வார்.

பாட்டிலை அவரைக் கேட்காமல் கொட்டிவிடாதீர்கள், அது அவர் உழைப்பு. அவர் கையாலேயே பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். மேலே பெரிய எழுத்தில் தைலம் என்று எழுதி ஒட்டட்டும், மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் மாற்றட்டும். உங்கள் பையன் இன்னும் இரண்டு மாதத்தில் தவழ்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பான். எப்போதாவது வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ உப்புத் தண்ணீரோ கொடுக்காதீர்கள். வாயை ஈரத் துணியால் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் அறிகுறி தெரியும் என்றாலும் சில குழந்தைகளுக்குச் சில மணி நேரம் கழித்தும் வரும். தோலில் பட்டிருந்தால் துணியை மாற்றி, சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இந்தச் சளிக்கு மறுபடி டாக்டரிடம் எப்போது போவது என்பதையும் மூன்று பேருமாகச் சேர்ந்தே முடிவு செய்து வையுங்கள். எண்ணிக்கை 50ஐத் தொட்டால், நெஞ்சு குழிந்தால், பாலே குடிக்க முடியாமல் போனால், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் துவண்டால், உதடு நீலம் பாய்ந்தால் அன்றைக்கே, அந்த நேரத்துக்கே. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் காட்ட வேண்டும். இரவு மூடுபனியில் இறங்க வேண்டுமே என்று விடியலுக்குக் காத்திருக்காதீர்கள். எந்த வண்டி, யார் ஓட்டுவார் என்று இன்று சாயங்காலமே பேசி வைத்துவிடுங்கள்.